ஒரே ஒரு செக்மென்டுக்கு மல்டிபிளெக்சரா, டிகோடரா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியீடு ஒன்றே ஒன்று என்றால் நான் மல்டிபிளெக்சர் பக்கம். காரணம் விலையும் இல்லை, ஐசி எண்ணிக்கையும் இல்லை. நாளைக்கு யாராவது "இதைக் கொஞ்சம் மாற்று" என்றால் என்ன ஆகும் என்பதுதான் காரணம்.

பக்கத்துத் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் பையனுக்கு ஒரு மினி புராஜெக்ட். ஏழு செக்மென்ட் டிஸ்பிளேயின் மேல் கோடு, அதாவது a செக்மென்ட், 0 முதல் 9 வரை எந்தெந்த எண்ணுக்கு எரிய வேண்டுமோ அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் பிரெட்போர்டில் செய்து காட்ட வேண்டும். 7447 மாதிரி ரெடிமேட் ஐசி கூடாது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பும் முன்பு எதை வாங்குவது என்று நாங்கள் உட்கார்ந்து பேசினோம்.

உள்ளீடுகள் நான்கு: A, B, C, D. A-வின் மதிப்பு 8, D-யின் மதிப்பு 1. மேல் கோடு 1-க்கும் 4-க்கும் மட்டும் அணைந்திருக்க வேண்டும். மற்ற எட்டு எண்களுக்கும் எரியும். 10 முதல் 15 வரை உள்ளே வராது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

சாதாரண கேட்டுகளை வைத்துச் செய்தால், கே-மேப் போட்டவுடன் `a = A + C + BD + B'D'` என்று வரும். கடைசி இரண்டும் சேர்ந்தால் XNOR. ஒரு 7486, ஒரு 7432, வேலை முடிந்தது. டிகோடர் வழியும் அழகானதுதான். 7442-க்குப் பத்து வெளியீடுகள். எந்த எண் வருகிறதோ அந்தக் கால் மட்டும் 0-க்கு இறங்கும். அணைய வேண்டிய எண்கள் இரண்டே இரண்டு என்பதால் 1, 4 என்ற இரண்டு வெளியீடுகளை மட்டும் 7400-இன் ஒரு NAND கேட்டில் கொடுத்தால் போதும். அந்த இரண்டு எண்களுக்கு மட்டும் 1 வரும்; காமன் ஆனோடு டிஸ்பிளேயில் 1 வந்தால் கோடு அணையும். எரியும் எட்டு எண்களைப் பொறுக்கிச் சேர்ப்பதைவிட அணையும் இரண்டைப் பிடிப்பது சுலபம். டிகோடரில் பலருக்கு இது தோன்றுவதில்லை. மல்டிபிளெக்சர் வழியில் ஒரு 74LS151, அதோடு D-யைத் தலைகீழாக்க ஒரு 7404. ஆக மூன்று வழியிலும் இரண்டு ஐசிதான். இங்கே யாருக்கும் வெற்றி தோல்வி இல்லை.

151 எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அப்பார்ட்மென்ட் வாசலில் வரிசையாக எட்டுத் தபால் பெட்டி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டியைத் திறப்பது என்று செலக்ட் லைன் மூன்றும் சொல்கின்றன. உள்ளே நாம் முன்பே போட்டு வைத்தது வெளியே வருகிறது. செலக்ட் லைன்களில் A, B, C மூன்றையும் கொடுத்துவிட்டால் D மட்டும் மிச்சம். A, B, C மாறாமல் இருக்கும்போது D-யால் வருவது இரண்டே எண்கள்: 0-1 ஒரு ஜோடி, 2-3 ஒரு ஜோடி, இப்படியே போகும். ஒவ்வொரு ஜோடிக்கும் நான்கே சாத்தியங்கள்தான். இரண்டுக்கும் அணைய வேண்டுமென்றால் 0, இரண்டுக்கும் எரிய வேண்டுமென்றால் 1, ஒற்றைப்படைக்கு மட்டும் எரிந்தால் D, இரட்டைப்படைக்கு மட்டும் எரிந்தால் D'.

நம் ஃபங்ஷனில் 0 எரியும், 1 அணையும். எனவே முதல் பெட்டிக்கு D'. 4 அணையும், 5 எரியும். மூன்றாவது பெட்டிக்கு D. மற்றவை நேரடியாக 5 வோல்ட் அல்லது கிரவுண்ட்.

```
I0 (0,1)  கால் 4  : D'
I1 (2,3)  கால் 3  : 1
I2 (4,5)  கால் 2  : D
I3 (6,7)  கால் 1  : 1
I4 (8,9)  கால் 15 : 1
I5,I6,I7  கால் 14,13,12 : 0
```

கே-மேப் வேண்டாம், சுருக்கம் வேண்டாம். ட்ரூத் டேபிளை இரண்டிரண்டு வரியாகப் படித்து அப்படியே காலில் செருகுகிறோம். D-க்குப் பதிலாக A-யை மிச்சம் வைத்தால் இந்த ஃபங்ஷனுக்கு 7404-கூடத் தேவைப்படாது, 10-15 எப்படிப் போனாலும் சரி என்பவர்களுக்கு. ஆனால் அப்போது 0-க்கு 8, 1-க்கு 9 என்று ஜோடி சேரும். வயரைப் பார்த்தவுடன் டேபிளைப் படிக்க முடியாது. ஒரு ஐசி மிச்சம் பிடிப்பதற்காக அந்த வசதியை இழக்க எனக்கு மனமில்லை.

எல்இடி-க்குப் போகும் வெளியீட்டில் 151-க்கு ஒரு சௌகரியம் உண்டு. 5-ஆம் கால் Y, 6-ஆம் கால் அதன் தலைகீழ். LS ஐசி வெளியே தள்ளும் கரண்ட் மிகக் குறைவு; உள்ளே இழுப்பது 8 மில்லி ஆம்பியர் வரை. அதனால் காமன் ஆனோடு டிஸ்பிளே வாங்கி, 470 ஓம் ரெசிஸ்டர் வழியாக 6-ஆம் காலில் இணைத்தோம். சுமார் ஐந்தரை மில்லி ஆம்பியர் ஓடும். பகல் வெளிச்சத்திலும் தெரிகிறது.

இனி மாற்றங்களுக்கு வருவோம். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது பையன் வந்தான். "சார், 6-க்கு மேல வால் வேண்டாமாம். 7447 காட்டுற மாதிரியே இருக்கணும்னு மேடம் சொல்றாங்க." உண்மைதான், 7447 காட்டும் 6-க்கு மேல் கோடு கிடையாது, பின்னால் வந்த 74247-இல்தான் அது வந்தது. எங்கள் சர்க்யூட்டில் 6 அணைய வேண்டும், 7 எரிய வேண்டும். அதாவது I3-க்கு 1-க்குப் பதில் D. கால் 1-இல் இருந்த வயரை 5 வோல்ட்டிலிருந்து பிடுங்கி D-யில் செருகினான், அவ்வளவுதான்.

இதே மாற்றம் கேட்டு சர்க்யூட்டில் என்ன ஆகும்? `C` என்ற தனி எழுத்து இனி நிற்காது, `CD` ஆகும். அதற்கு ஒரு AND வேண்டும், அதாவது இன்னொரு ஐசி. அதைவிட முக்கியம், மறுபடி கே-மேப் போட்ட பிறகுதான் எந்த வயரைத் தொடுவது என்றே தெரியும். டிகோடரில் அணையும் எண்கள் மூன்றாகிவிடும். இரண்டு உள்ளீட்டு NAND போதாது. 7400-இல் மீதியிருக்கும் கேட்டுகளில் இரண்டைச் சேர்த்துச் சமாளிக்கலாம், வயர்தான் கூடும்.

அடுத்து ஹெக்ஸ் எழுத்துகளையும் காட்டச் சொன்னால்? A, C, E, F நான்குக்கும் மேல் கோடு எரியும். சின்ன b, சின்ன d இரண்டுக்கும் அணையும். I5-க்கு D', I6-க்கு D', I7-க்கு 1. கூடவே I3-ஐ மறுபடி 1-க்கு மாற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் வால் இல்லாத 6-ம் சின்ன b-யும் டிஸ்பிளேயில் அச்சாக ஒன்றே. மொத்தம் நான்கு வயர். 7442 இங்கே உதவாது. 10-க்கு மேல் போனால் அதன் பத்து வெளியீடும் மேலேயே நின்றுவிடும். 24 கால் உள்ள 74154 வாங்கி, நான்கு உள்ளீட்டு NAND-க்காக 7420-ம் வாங்க வேண்டும். கேட்டு வழியில் பழைய சமன்பாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மல்டிபிளெக்சரிலும் வழுக்கும் இடம் உண்டு, அது செலக்ட் லைன் வரிசை. வகுப்பில் A என்றால் பெரிய பிட். டேட்டாஷீட்டில் A என்று எழுதியிருக்கும் 11-ஆம் கால் சின்ன பிட். பெரியது C எனும் 9-ஆம் கால். பெயரைப் பார்த்து A-வை A-யில் கொடுத்தால் 001-ம் 100-ம் இடம் மாறும், 011-ம் 110-ம் இடம் மாறும். 000, 010, 101, 111 அப்படியே இருக்கும். நம் முதல் டேபிளில் I1, I4 இரண்டுமே 1 என்பதால் அந்தக் குழப்பம் வெளியே தெரியாது. I3-க்கும் I6-க்கும்தான் வித்தியாசம். அதனால் 6-உம் 7-உம் மட்டும் மேல் கோடு இல்லாமல் வரும். வாலில்லாத 6 யாருக்கும் தவறாகத் தெரியாது. 7 மட்டும் 1 மாதிரி நிற்கும். 0 முதல் 5 வரை சரி, 8, 9 சரி, 7 மட்டும் சொதப்புகிறது என்றால் டேட்டா வயர்களைத் தேடிக்கொண்டிருக்காமல் 9-ஐயும் 11-ஐயும் மாற்றிப் பாருங்கள்.

எந்த எண்ணுக்குமே எரியவில்லை என்றால் 7-ஆம் கால். அது ஸ்ட்ரோப், கிரவுண்டில் இருக்க வேண்டும். LS ரகத்தில் சும்மா விட்ட கால் 1 மாதிரி நடந்துகொள்ளும், ஐசி முழுவதும் பூட்டிக்கொள்ளும். HC ரகத்தில் நான் அதிகம் புழங்கியதில்லை. ஆனால் அதில் தொங்கவிட்ட கால் எப்படியும் நடந்துகொள்ளும் என்பதால் I5, I6, I7-ஐக் கட்டாமல் விடாதீர்கள். அப்புறம், செலக்ட் லைன்கள் மாறும் நொடியில் வெளியீட்டில் சின்னத் துடிப்பு வரலாம். கண்ணுக்குத் தெரியாது, எல்இடி-க்குப் பரவாயில்லை; அதே வெளியீட்டை ஃபிளிப்-ஃபிளாப்பின் கிளாக்கில் கொடுத்தால் வம்பு. இந்தக் குறை டிகோடருக்கும் உண்டு.

இவ்வளவு சொன்னாலும், பையன் அடுத்த செமஸ்டரில் ஏழு செக்மென்டையும் செய்யப்போகிறேன் என்று வந்தால் நான் 151-ஐச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஏழு ஐசி, ஏழிலும் செலக்ட் லைன் மூன்று, எட்டு டேட்டா கால், பிரெட்போர்டே தெரியாது. அங்கே ஒரே 7442 எல்லாருக்கும் பொது. c செக்மென்ட் 2-க்கு மட்டும் அணையும் என்பதால் அதற்கு NAND-கூட வேண்டாம், ஒரு இன்வெர்ட்டர் போதும். b-க்கு 5, 6. வால் உள்ள 9 என்றால் d-க்கு 1, 4, 7. e மட்டும் தகராறு: ஆறு எண்களுக்கு அணையும், நான்குக்குத்தான் எரியும். அதற்கு மட்டும் எரியும் நான்கையும், 0, 2, 6, 8, பிடித்து 7421-இன் ஒரு AND கேட்டில் கொடுத்துவிட்டால் காமன் ஆனோடுக்கு நேராகவே ஒத்துவரும்.