குறைத்தார்களா, குறைந்ததா?

ஒரு நாட்டு நாணயத்தின் மதிப்பைக் குறைப்பதற்கும் அது தானே குறைவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழின் பிறவினையும் தன்வினையுமே சொல்லிவிடுகின்றன: நிலையான மாற்று விகிதத்தில் அரசு அறிவித்துச் செய்வது மதிப்புக் குறைப்பு, மிதக்கும் விகிதத்தில் சந்தையின் தேவையாலும் அளிப்பாலும் நேர்வது மதிப்புக் குறைவு. 1966 ஜூன் 6 அன்று இந்திய அரசு டாலரின் விலையை 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாக மாற்றியது குறைப்பு. (டாலர் ஏறக்குறைய 57.5 சதவீதம் விலையேறியது. ரூபாய் இழந்த மதிப்போ 36.5 சதவீதம்தான். இவ்விரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) 1993 மார்ச்சில் விகிதம் சந்தையிடம் விடப்பட்டபின், 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது குறைவு, இடையிடையே ரிசர்வ் வங்கி டாலர் விற்றாலும், அது காத்தாக வேண்டிய அறிவிக்கப்பட்ட விகிதம் எதுவும் அப்போது இல்லை. எதிர்த்திசையிலும் இதே பிரிவுதான்: 1961-இல் மேற்கு ஜெர்மனி ஒரு டாலருக்கு 4.20 மார்க் என்றிருந்ததை 4.00 ஆக்கியது மதிப்பு உயர்த்தல். சந்தையில் தானே ஏறுவது மதிப்பு உயர்வு.