ஒப்புதல் படிவம்: சொல்லுக்குச் சொல்லா, எளிய தமிழா?

பாளையங்கோட்டை மருத்துவமனைகளில் வயிற்றுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குக் கையெழுத்திடும் பெண், அநேகமாக ஒரு வரியில் தடுமாறுவார். ஆங்கிலப் படிவத்தின் அந்த வரியை இரண்டு விதமாகத் தமிழாக்கலாம்.

நேர் மொழிபெயர்ப்பு: “மருத்துவர் அவசியமெனக் கருதும் பிற சிகிச்சைகளுக்கும் இதன்மூலம் சம்மதிக்கிறேன்.”
எளிய தமிழ்: “பரிசோதனை மட்டுமே செய்வோம். உயிருக்கு ஆபத்து வந்து, உங்களிடம் கேட்கக் காத்திருக்க முடியாவிட்டால் மட்டும் வேறு அறுவை செய்வோம். மற்றபடி கருப்பையை எடுப்பதானால் தனியாகக் கேட்போம்.”

செலவு: முதலாவது மலிவு, இரண்டாவதற்கு மருத்துவரும் வழக்கறிஞரும் சேர்ந்து உட்கார வேண்டும்.

சட்ட வலு: முதலாவதே பத்திரமானது என்பது பொதுவான எண்ணம், எனக்கு அதில் உடன்பாடில்லை. 2008-இல் சமீரா கோலி வழக்கில், பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருந்தவரின் கருப்பையைத் தாயின் சம்மதத்தோடு எடுத்தது செல்லாது என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எளிமையிலும் ஆபத்து உண்டு: “வேறு கோளாறு தெரிந்தால் சரிசெய்வோம்” என்று சுருக்கினால், ‘உயிராபத்து’ என்னும் நிபந்தனை உதிர்ந்துவிடும். மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்துக்குத் திருப்பி எழுதச் செய்தால் அது வெளிப்படும்.

ஆகவே நோயாளி கையெழுத்திடும் எந்தப் படிவத்துக்கும் எளிய தமிழே பொருந்தும். நேர் மொழிபெயர்ப்பு, வழக்கறிஞர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கோப்புப் பிரதியாக இருக்கட்டும்.