மெய்நிகர் கணினியை குளோன் செய்ததும் நின்றுபோன உரிமம்: வாங்கும் முன் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்

மெய்நிகர் கணினியில் நிறுவி இயக்கும் விலையுயர்ந்த பொறியியல் மென்பொருள் எதையாவது நிரந்தர உரிமத்தில் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "மெய்நிகர் கணினியில் தாராளமாக இயக்கலாம்" என்று விற்பனையாளர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்தக் கணினியை நாளை வேறு வட்டுக்கு மாற்றும்போது உரிமம் கூடவே வருமா என்பது வேறு கேள்வி. அதற்கு அவர் பதில் சொல்லியிருக்க மாட்டார்.

எங்கள் அலுவலகத்தில் கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருள் ஒன்றும் அதன் உரிமத்தைச் சரிபார்க்கும் நிரலான உரிம மேலாளரும் கேவிஎம் அடிப்படையிலான ஒரே லினக்ஸ் மெய்நிகர் கணினியில் ஓடிக்கொண்டிருந்தன. பழைய வட்டுத் தொகுதியின் ஆயுள் முடியும் நிலையில் இருந்ததால், அந்தக் கணினியை அணைத்துவிட்டு, `virt-clone` கட்டளையால் புதிய வட்டுத் தொகுதிக்குக் குளோன் எடுத்து, புதியதை மட்டும் இயக்கினோம். பெயர், ஐபி முகவரி, கோப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன; `/etc/machine-id` கூட மாறவில்லை. ஆனால் உரிம மேலாளர் எழும்பவில்லை. அதன் பதிவுக் கோப்பில் `Invalid host` என்ற வரியும் -9 என்ற பிழை எண்ணும் இருந்தன.

உரிமக் கோப்பின் முதல் வரியைப் பார்த்தவுடன் பாதிக் காரணம் புரிந்துவிட்டது. அந்த வரி இந்த அமைப்பில் இருக்கும்:

```
SERVER urimam 5254001A2B3C 27000
```

நடுவில் உள்ள பன்னிரண்டு எழுத்துகள் பிணைய அட்டையின் மேக் முகவரி. கடைசி எண் போர்ட். `virt-clone` குளோன் எடுக்கும்போது, நாம் வேறு சொல்லாவிட்டால், புதிய மேக் முகவரி ஒன்றைத் தானே உருவாக்கிவிடும். ஒரே பிணையத்தில் இரண்டு கணினிகள் ஒரே முகவரியோடு மோதிக்கொள்ளாமல் இருக்க அது அப்படித்தான் செய்ய வேண்டும். ஆகவே குளோனுக்குள் `ip link` கொடுத்துப் பார்த்தால் 52:54:00 என்ற தொடக்கம் மட்டும் பழையபடி இருந்தது, மிச்சம் வேறு. பழைய கணினி நின்றுதான் இருந்தது என்பதால், அதன் மேக் முகவரியையே குளோனின் வரையறையில் எழுதி மறுபடி இயக்கினோம். உரிம மேலாளர் எழும்பியது. மென்பொருளோ, இயக்கியதும் "செயற்படுத்தல் இந்தக் கணினிக்கு உரியதல்ல" என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டி மூடிக்கொண்டது.

எங்களை ஏமாற்றியதாக நான் கருதுவது இந்த இரண்டாவது பூட்டைத்தான். உரிமம் கேட்டு நாங்கள் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் மேக் முகவரி ஒன்றுதான் கேட்கப்பட்டிருந்தது. முதன்முறை செயற்படுத்தியபோது மென்பொருள் மெய்நிகர் கணினிக்கென்று தனியாக இருக்கும் அடையாளமான யூயூஐடி எண்ணையும் தானாகவே எடுத்துத் தன் மறைகோப்பில் வைத்துக்கொண்டிருக்கிறது. படிவத்திலும் இல்லை, நிறுவல் கையேட்டிலும் இல்லை, ஒப்பந்தத்திலும் இல்லை. இந்த எண்ணையும் `virt-clone` புதிதாக்கிவிடும். கணினிக்குள்ளிருந்து கீழ்க்கண்ட கட்டளையால் அதைப் பார்க்கலாம்:

```
sudo dmidecode -s system-uuid
```

பழையதில் ஒரு விடை, குளோனில் வேறு விடை. இதை நாங்கள் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் ஆதரவுப் பிரிவினர் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன்புவரை, பதிவுக் கோப்பை அனுப்புங்கள், பதிப்பு எண் என்ன, மறுபடி நிறுவிப் பாருங்கள் என்பதாகவே அவர்களின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன.

ஒப்புக்கொண்டவர்கள் அதோடு ஒரு குற்றச்சாட்டையும் வைத்தார்கள். குளோன் என்றால் இரண்டாவது பிரதி, ஒரு உரிமத்துக்கு இரண்டு கணினி என்பது விதிமீறல் என்றார்கள். பழைய கணினி அணைக்கப்பட்டிருப்பதற்குச் சான்றாக `virsh list --all` வெளியீட்டையே அனுப்பினோம். அதைப் பற்றிப் பதில் இல்லை. அடுத்து, உரிமத்தைப் புதிய கணினிக்கு மாற்றித் தருவது பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் உள்ளவர்களுக்கு மட்டுமே என்றும், காலாவதியான காலத்துக்கும் சேர்த்துப் பின்தேதியிட்டுப் புதுப்பித்தால் செய்து தருவதாகவும் எழுதினார்கள். நாங்கள் வாங்கியது நிரந்தர உரிமம். புதுப்பிக்காவிட்டால் புதிய பதிப்புகள் கிடைக்காது என்பதைத் தெரிந்தே வாங்கினோம். கையில் இருக்கும் பதிப்பை வட்டு மாற்றிய பின் இயக்கவும் சந்தா வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. விற்பனையின்போது வந்த மின்னஞ்சலில் "சர்வரை மாற்றினாலும் பிரச்சினை வராது" என்றே இருந்தது. அதை எடுத்துக்காட்டியபோது, அது விற்பனைப் பிரிவின் கருத்து, ஒப்பந்தத்தின் பகுதி அல்ல என்று கைவிரித்துவிட்டார்கள்.

வேலை நிற்கக் கூடாது என்பதால், பழைய வட்டு இன்னும் உயிரோடு இருந்த தைரியத்தில், குளோனை அணைத்துவிட்டுப் பழைய கணினியை இயக்கினோம்; உரிமம் வழக்கம்போல வேலை செய்தது. குளோன் எடுத்தவுடன் மூலத்தை அழித்துவிடும் பழக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். பழைய வரையறைக் கோப்பும் வட்டும் போய்விட்டால், அந்த யூயூஐடி எண் எது என்று தெரிந்துகொள்வதே கடினமாகிவிடும்.

பிறகு செய்தது இதுதான். மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் ஒரே ஹோஸ்டில் ஒரே யூயூஐடி எண்ணோடு இரண்டு கணினிகளை, அவற்றை நிர்வகிக்கும் லிப்வர்ட் ஏற்காது. இருக்கும் கணினியின் எண்ணை `virsh edit` மூலம் மாற்றவும் விடாது. ஆகவே இரண்டையும் அணைத்து, இரண்டின் வரையறையையும் `virsh dumpxml` கொண்டு கோப்பில் சேமித்தோம். குளோனின் கோப்பில் `<uuid>` வரியில் பழைய எண்ணை எழுதினோம்; `<mac address=` வரியில் பழைய மதிப்பு ஏற்கெனவே இருந்தது. பின் `virsh undefine` மூலம் இரண்டு வரையறைகளையும் நீக்கி, திருத்திய கோப்பை `virsh define` செய்தோம். வட்டையும் சேர்த்து அழிக்கச் சொல்லாத வரையில் `undefine` வட்டுக் கோப்பைத் தொடாது. இயக்கியதும் மென்பொருள் திறந்தது. ஒரு உரிமம், ஒரு கணினி என்ற ஒப்பந்த வரி மீறப்படவில்லை என்பதையும் நாங்கள் செய்ததையும் விற்பனையாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டோம்.

எல்லா மென்பொருளுக்கும் இது பலிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சில வட்டின் வரிசை எண்ணையும் செயலியின் வகையையும் சேர்த்துப் பார்க்கும். மெய்நிகர் கணினிக்கு ஹோஸ்டின் செயலியை அப்படியே காட்டும் அமைப்பில், வேறு தலைமுறைச் செயலி உள்ள ஹோஸ்டுக்குப் போனாலே அந்த மதிப்பு மாறிவிடும். மாறாக, லிப்வர்ட்டில் குளோன் எடுக்காமல் இடமாற்றம் மட்டும் செய்தால் யூயூஐடி எண்ணும் மேக் முகவரியும் மாறுவதில்லை. விஎம்வேரின் மேசைக்கணினிப் பதிப்பில், நகலெடுத்த கோப்புறையைத் திறக்கும்போது "நகர்த்தினேனா, நகலெடுத்தேனா" என்று கேட்பதும் இதற்காகத்தான். நகலெடுத்தேன் என்றால் புது அடையாளம் பிறக்கும்.

ஆகவே வாங்கும் முன், உரிமம் எந்தெந்த அடையாளங்களோடு கட்டப்படுகிறது, செயற்படுத்தும்போது மென்பொருள் தானாக எடுத்துக்கொள்பவை எவை, பராமரிப்பு முடிந்த பிறகு கணினி மாற்ற அனுமதி உண்டா என்பதை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே எழுதி வாங்குங்கள். மின்னஞ்சலில் சொன்னால் போதாது என்பதற்கு எங்கள் கதையே சாட்சி. எங்கள் புகார்ச் சீட்டை அவர்கள் "வாடிக்கையாளர் புதுப்பிக்க விரும்பவில்லை" என்ற குறிப்போடு மூடிவிட்டார்கள்.