ஃபாலோயரை எடுத்துத் தருகிறேன் என்று ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டவர்

வீட்டிலிருந்தே ஆரி வேலை செய்து, பிளவுஸ் படங்களை இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். ஒரு ஃபாலோயர் நான் ஸ்டோரியில் போடும் டிசைனையெல்லாம் எடுத்துத் தன் பக்கத்தில் போட ஆரம்பித்தார். போதாததற்கு என் படத்துக்குக் கீழேயே 'இதே வேலை எங்களிடம் பாதி விலை' என்று கமென்ட் வேறு.

சொந்தக்கார வட்டம். பிளாக் செய்தால் என் பக்கம் திறக்காமல் போகும், விஷயம் தெரிந்துவிடும். அதனால் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரிடம், சத்தமில்லாமல் ஃபாலோயர் பட்டியலிலிருந்து மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். ஆயிரம் ரூபாய் வாங்கினார். "எடுத்தாச்சுக்கா, இனிமே அவங்களால எதையும் பார்க்க முடியாது" என்றார்.

மறுநாள் ஸ்டோரியைப் பார்த்தவர்கள் பட்டியலில் மூன்றாவது பெயர் அந்தம்மாதான்.

பணம் வாங்கியவர் செய்திருந்தது Restrict. அதில் அந்த ஆள் ஃபாலோயராகவே இருப்பார், எல்லாவற்றையும் பார்ப்பார். அவர் போடும் புதுக் கமென்ட், நாம் அனுமதிக்கும்வரை அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். மெசேஜ் தனிப் பெட்டிக்குப் போய்விடும். நாம் படித்தோமா என்பது அவருக்குத் தெரியாது. கமென்ட் தொல்லைக்கு இது நல்ல வழிதான். என் பிரச்சினை அது மட்டும் இல்லையே.

நானே உட்கார்ந்து Followers பட்டியலைத் திறந்து, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருந்த Remove-ஐ அழுத்தினேன். பத்து வினாடி வேலை, இதற்கா ஆயிரம் ரூபாய்! அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. ஆனால் என்னுடையது எல்லோருக்கும் திறந்த கணக்கு. பெயரைத் தேடி வந்து பார்க்கலாம், மறுபடி ஃபாலோகூடச் செய்யலாம். அடுத்த வாரமே செய்தார். கணக்கு பிரைவேட்டாக இருந்தால்தான் Remove செய்ததற்குப் பலன். திரும்பி வர நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும். பிசினஸ் கணக்கைப் பிரைவேட் ஆக்க முடியாது, முதலில் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். பிரைவேட் ஆக்கினால் புது வாடிக்கையாளர்கள் எதைப் பார்த்து வருவார்கள்?

பணம் வாங்கியவரிடம் போய்க் கேட்டேன். கோபத்தில் என் போனை வாங்கி, ஒரு வார்த்தை கேட்காமல் Block போட்டுவிட்டார். இதுதான் பெரிய நஷ்டம். பிளாக் செய்ததும் அந்தம்மா என் படங்களுக்குப் போட்டிருந்த லைக், கமென்ட் எல்லாம் போய்விட்டன. டிசைன் யாருடையது என்று கேட்ட வாடிக்கையாளரிடம் காட்ட நான் வைத்திருந்த ஆதாரமே தேதியோடு இருந்த அந்தக் கமென்ட்கள்தான். பிளாக்கை எடுத்துப் பார்த்தேன், திரும்பி வரவில்லை. Remove செய்தபோது அவை அப்படியே இருந்தன. பிளாக் செய்வதாக இருந்தால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அவருக்கு இன்ஸ்டாவிலேயே மெசேஜ் அனுப்பினேன். இரண்டு வாரமாக Seen விழவில்லை. என்னையும் Restrict-இல் போட்டுவிட்டார் போலிருக்கிறது.