எலிப்பொறி கார்: நீள லிவரா, பெரிய வீலா, இல்ல மொதல்ல உரசலா?

எலிப்பொறி ஸ்பிரிங்ல மாட்டின நீளக் கம்பிதான் லிவர், பொறி விரியும்போது அது ஆக்சில்ல சுத்தின நூலை இழுத்து வீலைச் சுத்த வச்சு காரை ஓட்டும். லிவரை நீட்டு, வீலைப் பெருசாக்கு, கார் தூரமா போகும்னு தான் எல்லாரும் சொல்றாங்க, கணக்கும் அதையேதான் சொல்லுது. பொறி விரியும்போது லிவர் இழுக்கற நூல் கிட்டத்தட்ட லிவர் நீளத்துல ரெண்டு மடங்கு. வீல் ஆரத்தை ஆக்சில் ஆரத்தால வகுத்து வர்றதோட இதைப் பெருக்கினா பொறி காரைத் தள்ளிட்டுப் போற தூரம் கிடைச்சிடும். என்னோடது சீடி வீல், ஆரம் 6 செ.மீ., ஆக்சில் ஆரம் 2.5 மி.மீ., ஆக 24 மடங்கு. 15 செ.மீ. லிவருக்கு 7.2 மீட்டர், 25 செ.மீ.க்கு 12 மீட்டர்.

ஆனா 25-ஐ மாட்டினா கார் அசையவே இல்ல! பொறியைக் குறை சொல்ல முடியாது, அதோட சக்தி ஒண்ணேதான், தூரத்தை நீட்டினா தள்ளற பலம் கொறையும். மடக்கி வச்ச லிவர் முனையில ஸ்பிரிங் தராசை மாட்டி நேர் செங்குத்தா இழுத்துப் பாத்தேன்: 15-க்கு 200 கிராம், 25-க்கு 120. 24-ஆல வகுத்தா வீல் விளிம்புல சுமார் 8 கிராம், 5 கிராம், அவ்ளோதான்.

சரி, காருக்கு எவ்ளோ வேணும்? நூலைக் கழட்டிட்டு 1 மீட்டர் பலகைல காரை வச்சு, லேசா தட்டிக்கிட்டே ஒரு முனையைத் தூக்குங்க. நிக்காம உருண்டு போக என்னோடதுக்கு 3 செ.மீ. உயரம் வேண்டியிருந்தது, அப்படின்னா எடையில 3 சதவீதம், 200 கிராம் காருக்கு 6 கிராம். 5 கிராம் எங்க தள்ளும்? அதான் 15 ஓடுச்சு, 25 படுத்துடுச்சு.

அதனால என் ஓட்டு மொதல்ல உரசலுக்குத்தான். ஆக்சிலை ஸ்ட்ராக்குள்ள விட்டிருந்தேன், வீல் சட்டத்துல உரசி ஒரு பக்கம் பளபளன்னு தேஞ்ச வளையமே விழுந்திருந்தது. நடுவுல வாஷர் போட்டு, ஸ்ட்ராவை எடுத்துட்டு பித்தளைக் குழாய் வச்சதும் பலகை உயரம் 2 செ.மீ.க்கு வந்துச்சு, இப்ப 4 கிராமே போதும், அதே 25 கிளம்பிடுச்சு.

பால் பேரிங் போடறதா இருந்தா உள்ள இருக்கற கிரீஸைக் கழுவிடுங்க, இவ்ளோ லேசான காருக்கு அதுவே பிரேக்கு.

வீல் vs லிவர்னு கேட்டா நான் வீல் பக்கம். 15 லிவரோட 9 செ.மீ. ஆரத்துல வீல் போட்டா 10.8 மீட்டர், கிட்டத்தட்ட அதே பலன், அதோட பெரிய வீல்ல ஆக்சில் உரசல் விளிம்புல கம்மியாத்தான் தெரியும், சட்டத்தையும் நீட்ட வேணாம். ஆனா அட்டையில வெட்டின வீல் கொஞ்சம் கோணினாலும் கார் வளைஞ்சு சுவத்துல போய் முட்டும், அந்த விஷயத்துல சீடிதான் ராஜா.

இன்னொண்ணு, நூலை ஆக்சில்ல முடிச்சு போட்டுடாதீங்க. லிவர் முழுசா விரிஞ்சப்புறம் நூல் மறுபடி சுத்திக்கிட்டு காரை இழுத்து நிறுத்திடும், ஒரு சின்ன கொக்கில வளையமா மாட்டினா தானா கழண்டுடும், அதுக்கப்புறம் உருள்ற தூரம் முழுக்க ஓசிதான்.