வைஃபை பெயர் ஒன்று, நெட்வொர்க் இரண்டு: 6,400 ரூபாய் போச்சு

மதுரையில் ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கி, மாட்டிக் கொடுக்கிற வேலையையும் கடையிலேயே ஒப்படைக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடை பெயரை எழுதவில்லை. டிவி, ஏசி, ரவுட்டர் எல்லாம் விற்கிற பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை, அவ்வளவு போதும்.

வாங்கியது கூகுள் காஸ்ட் வசதியுள்ள மூன்று ஸ்பீக்கர். ஹாலுக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. மூன்றையும் ஒரே குரூப்பாகச் சேர்த்து ஒரே பாட்டை ஓடவிட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் வாங்கியது. மாடிக்கு சிக்னல் எட்டாது என்று அவர்களே தனியாக ஒரு ரவுட்டரும் விற்றார்கள். மாட்டிக் கொடுக்கிற கூலி 2,500 ரூபாய்.

நம்பிக்கை வந்த இடம் இதுதான். வந்த பையன் தன் போனிலிருந்து பாட்டைப் போட்டார், ஹால் ஸ்பீக்கர் பாடியது. மாடிக்குப் போனார், அங்கேயும் பாடியது. "பாத்துக்கங்கண்ணே, எல்லாம் கிளியர்" என்று பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் காட்டியது ப்ளூடூத். ஒரு நேரத்தில் ஒரு ஸ்பீக்கர்தான் பாடியது, அதுவும் போன் பக்கத்தில் இருந்ததால். காஸ்ட் என்பது வேறு வேலை. போன் "இந்தப் பாட்டைப் போடு" என்று சொல்வதோடு சரி. பாட்டை ஸ்பீக்கரே வைஃபை வழியாக நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் பாட்டு ஓடும்போது போனில் ப்ளூடூத்தை அணைத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் உங்களுக்குக் காட்டியது காஸ்ட் இல்லை.

அவர் போன பிறகு குரூப் போட்டால் மாடி ஸ்பீக்கர் மட்டும் ஊமை. கூகுள் ஹோம் ஆப்பில் மூன்று பெயரும் தெரிகிறது, ஏனென்றால் அது கணக்கில் பதிந்த பட்டியல். ஆனால் பாட்டு ஆப்பில் காஸ்ட் குறியைத் தொட்டால், கீழே இருக்கும்போது இரண்டு ஸ்பீக்கர், மாடிக்குப் போனால் ஒன்று.

கடைக்குப் போன் போட்டால் முதல் பதில், "நெட்டு ஸ்லோண்ணே, பெரிய பிளான் போடுங்க". பாட்டுக்கு விநாடிக்கு 320 கிலோபிட் இருந்தால் தாராளம், இருக்கிற பிளானே அதற்கு எத்தனையோ மடங்கு. அடுத்து, "பையன் வெளிய போயிருக்காப்ல, வந்ததும் அனுப்புறோம்". மறுபடி வந்ததற்கு 900 ரூபாய். வந்தவர் "பூஸ்டர் வேணும்" என்று 3,000 ரூபாய்க்கு ஒன்றைத் தலையில் கட்டினார். அது மாடி நெட்வொர்க்கை மொட்டைமாடி வரை நீட்டியது, வேறொன்றும் செய்யவில்லை. கடைசியாக, "ஸ்பீக்கர் கம்பெனில கேளுங்க சார்". அண்ணே போய் சார் ஆகிவிட்டது. பூஸ்டரைத் திரும்ப எடுக்கவும் மாட்டார்களாம். 2,500, 900, 3,000. மொத்தம் 6,400 ரூபாய், ஸ்பீக்கர், ரவுட்டர் விலை சேராமல்!

கோளாறு இதுதான். கீழே இருக்கும் ஃபைபர் பெட்டியிலிருந்து மாடிக்குப் போன கேபிளை, புது ரவுட்டரில் வெளி நெட் வருவதற்கான WAN துளையில் செருகி அப்படியே விட்டிருக்கிறார். அப்படிச் செருகினால் அந்த ரவுட்டர் தனக்கென்று தனி நெட்வொர்க் ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்ததால் வெளியே தெரியவில்லை. போனும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று தேடுவது mDNS என்கிற முறையில். வீட்டுக்குள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "யார் இருக்கீங்க" என்று கூவுவது போல. அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. கீழ் ஸ்பீக்கருக்கு மாடி ஸ்பீக்கர் இருப்பதே தெரியாது.

கண்டுபிடிப்பது சுலபம். போனின் வைஃபை விவரத்தில் IP முகவரியைக் கீழே ஒரு தடவை, மாடியில் ஒரு தடவை பாருங்கள். இங்கே கீழே 192.168.1.x, மாடியில் 192.168.0.x. மூன்றாவது எண் மாறினால், வீட்டு ரவுட்டர்களைப் பொறுத்தவரை அநேகமாக இரண்டு நெட்வொர்க்தான்.

மருந்து, மாடி ரவுட்டரின் செட்டிங்கில் Access Point Mode என்று மாற்றுவது. அப்போது அது தனி நெட்வொர்க் போடாமல் கீழே இருக்கும் நெட்வொர்க்கையே மாடிக்கும் கொடுக்கும். அது ரீஸ்டார்ட் ஆனதும் மூன்று ஸ்பீக்கரும் 192.168.1.x-க்கு வந்தன. பிறகு கூகுள் ஹோமில் Speaker group போட்டு மூன்றையும் டிக் செய்ததும் மாடியும் சேர்ந்து பாடியது. இந்த ஒரு மாற்றத்துக்குத்தான் 6,400 ரூபாய் கறந்தார்கள்.

விரிவாக எழுதப் பொறுமையில்லை. மூன்றும் ஒன்றாகப் பாடுவதைப் பார்க்காமல் கூலி கொடுக்காதீர்கள். ஸ்பீக்கரை கெஸ்ட் வைஃபையில் போட விடாதீர்கள். ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகளை ஒன்றோடொன்று பேச விடாத AP Isolation ரவுட்டரில் இருந்தால் அணையுங்கள், அது இருந்தாலும் இதே கதைதான். காஸ்ட் ஸ்பீக்கரோடு அலெக்ஸா ஸ்பீக்கரையும் ஒரே குரூப்பில் சேர்க்கலாம் என்று எவனாவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.