கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை ஸ்டூடியோவில் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

யாங்கோனில் பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்யக் கொடுக்க நினைக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மொகல் தெருப் பக்கம் விசாரித்தால், இதே வேலையை இதே விதமாகச் செய்யும் கடைகள் வேறும் இருக்கலாம்.

நான் கொடுத்தவை என் அப்பத்தா காலத்து நெகட்டிவ்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை, சதுர வடிவப் பெரிய பிலிம். இந்த ஊர் மழைக்காலத்தைப் பல முறை தகரப் பெட்டிக்குள் தாங்கியவை. தூசியும் கீறலும் பூஞ்சணமும் இல்லாத ஒரு துண்டு கிடையாது. “புள்ளி ஒன்றுகூட இல்லாமல் தருகிறோம்” என்றார்கள். சொன்னபடியே புள்ளி ஒன்றுகூட இல்லை. அப்பத்தாவின் மூக்குத்தியும் இல்லை.

கோயில் வாசலில் குடும்பமாக நின்று எடுத்த படம் அது. மூக்குத்திக் கல்லில் பட்ட வெளிச்சம் ஒரு சிறு வெள்ளைப் புள்ளியாகப் பதிந்திருந்தது. மென்பொருளுக்கு அதுவும் தூசியும் ஒன்றுதான். தாத்தாவின் வேட்டி மடிப்புகள் கரைந்து, சுண்ணாம்பு அடித்த சுவர்போல் ஆகியிருந்தன. சேலைக் கரையின் ஓரங்களில் திட்டுத் திட்டாகக் கறை.

இதற்குக் காரணம் ஒரே ஒரு பொத்தான். ஸ்கேனரில் Digital ICE என்றோ Infrared clean என்றோ இருக்கும். அது பிலிமின் மேல் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்துகிறது. கலர் நெகட்டிவில் படம் சாயத்தால் ஆனது; அகச்சிவப்பு அதைத் தடையின்றிக் கடந்துவிடும். தூசியும் கீறலும் மட்டும் தடுக்கும். தடுத்த இடங்களைக் குறித்துக்கொண்டு, பக்கத்திலிருந்து எடுத்து நிரப்பிவிடும். கலருக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமே வெள்ளித் துகள்தான். வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும். ஆகவே படத்தையே அழுக்கு என்று எண்ணி அழிக்கத் தொடங்குகிறது. வெள்ளி அடர்த்தியாக இருப்பது வேட்டி, நெற்றித் திருநீறு போன்ற வெளிச்சமான பகுதிகளில் என்பதால், முதல் அடி அங்கேதான் விழுகிறது. கலர் முறையில் கழுவப்படும் XP2 போன்ற சில கறுப்பு வெள்ளைப் பிலிம்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. நம் தாத்தாக்களின் படங்கள் அந்த வகையல்ல.

கடையில் கேட்டபோது, “படம் பழையது, அப்படித்தான் வரும்” என்றார்கள். அது பொய். அதே நெகட்டிவைத் தெரிந்த தம்பி ஒருவர் மறுபடி ஸ்கேன் செய்து கொடுத்தார். காற்றூதும் பந்தால் தூசியை ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, அந்தப் பொத்தானை அணைத்து, 2400 dpi, 16 பிட், TIFF கோப்பாக எடுத்தார். மூக்குத்தி இருந்தது. வேட்டி மடிப்பும் இருந்தது. புள்ளிகளும் ஏராளமாக இருந்தன; அவற்றைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

அவர் எடுத்த விதத்தை அருகில் இருந்து பார்த்தேன். மூலப் படத்தைத் தொடாமல், மேலே தனி அடுக்கு ஒன்று வைத்து அதில்தான் திருத்தினார். தூசி வெள்ளையாகத் தெரியும், ஏனென்றால் நெகட்டிவில் அது ஒளியை மறைக்கிறது. படம் பதிந்திருக்கும் எமல்ஷன் பக்கம் உரிந்த கீறல் கறுப்பாகத் தெரியும். அப்பத்தாவின் கன்னத்தில் ஓடிய நீளக் கீறலை ஒரே இழுப்பில் மறைக்கவில்லை. சிறு சிறு துண்டாக, ஒவ்வொன்றுக்கும் அதனதன் பக்கத்துத் தோலிலிருந்தே எடுத்து ஒட்டினார். பிலிமின் மணல்போன்ற துகள் அப்படியே தொடர்ந்தது. கடைக்காரர் கொடுத்த படத்தை 100% அளவில் பெரிதாக்கிப் பார்த்தால், வானத்தில் அந்தத் துகளே இல்லை. மெழுகு பூசியதுபோல் வழவழப்பு. ஏமாற்று வேலையைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஸ்கேன் கெட்ட கதை. அதை மறுபடி ஸ்கேன் செய்துகொள்ளலாம். என்னால் மன்னிக்க முடியாதது வேறு. பூஞ்சணம் பிடித்த சில நெகட்டிவ்களை அவர்கள் தண்ணீரில் கழுவியிருக்கிறார்கள். பூஞ்சணம் பிலிமில் படத்தைத் தாங்கியிருக்கும் ஜெலட்டினைத் தின்று வளர்கிறது. அது தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்துவிடுகிறது. தண்ணீர் பட்டதும் படம் வழிந்து போய்விட்டது. விளக்கின் முன் சாய்த்துப் பிடித்தால் அந்த இடங்கள் கண்ணாடிபோல் வெறுமையாகத் தெரிகின்றன. ஸ்கேனில் கறுப்புத் திட்டுகளாக வருகின்றன. பெரியப்பாவின் முகம் இருந்த இடம் அப்படி ஒரு திட்டு. எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. துடைத்தே ஆக வேண்டுமென்றால், நீர் கலவாத பிலிம் கிளீனரோ 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ கொண்டு, நூல் உதிராத துணியால், அழுத்தாமல் துடைக்க வேண்டும். அதற்கும் முன் ஒருமுறை ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.

பணத்தைக் கேட்டேன், தரவில்லை. உங்கள் பூஞ்சணம் பிடித்த நெகட்டிவ்கள் இப்போது ஏதாவது கடையில் இருந்தால், இன்றே போன் செய்து, தண்ணீர் படக் கூடாது என்று சொல்லுங்கள். கடைக்காரர் தயங்கினால் போய் வாங்கி வந்துவிடுங்கள்.